பரீட்சைக் கட்டணத்தை வேலைத்தலத்திடமிருந்து மீளப் பெறுதல்: முன் அனுமதியிலிருந்து பணம் கணக்கில் சேரும் வரை

யாழ்ப்பாணத்தில் இருந்தபடி கொழும்பிலோ வெளிநாட்டிலோ தலைமையகம் கொண்ட கொம்பனி ஒன்றுக்கு வேலை செய்பவர், தொழில்சார் பரீட்சைக் கட்டணத்தைத் தன் அட்டையால் டொலரில் செலுத்திவிட்டு அதனை ரூபாவில் மீளப் பெறும் முறையை மட்டும் இங்கே எழுதுகிறேன். உதாரணத்துக்கு அமேசன் வெப் சேர்விசஸின் `SAA-C03` பரீட்சையை எடுத்துக்கொள்கிறேன். எங்கள் அலுவலகத்தில் அதிகம் பேர் தோற்றுவது அதற்குத்தான் என்பதும், அதன் கட்டணம் 150 டொலர் என்பதால் கணக்குப் பார்ப்பது சுலபம் என்பதும் காரணங்கள். வேறு பரீட்சையென்றாலும் ஆவணங்களின் வரிசை பெரும்பாலும் இதுவேதான்.

தொடங்குமுன் ஒன்றை மனதில் இருத்துங்கள். உங்கள் கோரிக்கையை அனுமதிக்கும் கணக்குப் பிரிவு அலுவலர் உங்களைக் கண்டிருக்கமாட்டார். அந்தப் பரீட்சையின் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவும் மாட்டார். நீங்கள் அனுப்பும் கோவையை மட்டும் வைத்து அவர் நான்கு விடயங்களை நம்பவேண்டும்: கொம்பனி இதற்குச் சம்மதித்தது, இவ்வளவு தொகை கேட்கப்பட்டது, அதைச் செலுத்தியவர் நீங்கள்தான், பரீட்சையில் சித்தியடைந்ததும் நீங்கள்தான். ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு ஆவணம் வேண்டும். ஒன்றின் வேலையை மற்றது செய்யாது.

## 1. கொள்கையைப் படித்து விடை குறித்துக்கொள்ளுதல்

மனிதவளப் பிரிவிடம் பயிற்சி அல்லது சான்றிதழ் தொடர்பான கொள்கை ஆவணத்தைக் கேட்டு வாங்குங்கள். சக ஊழியர் வாய்மொழியாகச் சொல்வது போன ஆண்டின் கொள்கையாக இருக்கலாம்.

அதில் முதலில் தேடவேண்டியது, பணம் கிடைப்பது பரீட்சைக்குத் தோற்றினாலா, சித்தியடைந்தாலா என்பது. அடுத்தது, ஓர் ஆண்டுக்கான உச்ச எல்லை எவ்வளவு, அது ரூபாவிலா டொலரிலா என்பது. மூன்றாவது காலக்கெடு: செலுத்திய நாளிலிருந்து முப்பது நாள் என்று சில கொம்பனிகளும், பெறுபேறு வந்த நாளிலிருந்து முப்பது நாள் என்று வேறு சிலவும் வைத்திருக்கின்றன. முதல் வகையாக இருந்தால், இரண்டு மாதம் கழித்து வரும் திகதிக்குப் பதிவு செய்துவிட்டுப் பெறுபேறுக்காகக் காத்திருப்பவர் காலக்கெடுவைத் தானே கடந்துவிடுவார். அப்படியான இடத்தில் பரீட்சைத் திகதியை நெருக்கமாக வைக்கவேண்டும், அல்லது கோரிக்கையை முதலில் பதிந்துவிட்டுப் பெறுபேற்றைப் பின்னர் இணைக்க அனுமதி கேட்கவேண்டும்.

கடைசியாக, வேலையை விட்டு விலகினால் பணத்தைத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்ற பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், எத்தனை மாதம் என்பதையும், மாதக் கணக்கில் குறைந்துகொண்டு வருமா முழுத்தொகையா என்பதையும் குறித்துவையுங்கள். படித்தபின் கையொப்பமிடுவதே முறை.

## 2. பணம் செலுத்துமுன் எழுத்தில் அனுமதி

புதியவர்கள் தடுமாறும் இடங்களில் இதற்கே முதலிடம். இதில் நானும் விலக்கல்ல. முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் முகாமையாளர் நடைபாதையில் நின்றபடி, “நீர் எழுதும் தம்பி, காசைப் பிறகு பாப்பம்” என்றார். அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு எழுதினேன், சித்தியும் அடைந்தேன். அதற்குள் அவர் வேறு பிரிவுக்கு மாறிப்போனார். புதியவர் மரியாதையாகவே கேட்டார்: “இதுக்கு மெயில் ஏதும் இருக்கோ?” இருக்கவில்லை. அந்தக் கட்டணம் இன்றுவரை என் செலவாகவே இருக்கிறது.

அனுமதி மின்னஞ்சலின் திகதி, கட்டணம் செலுத்திய திகதிக்கு முந்தியதாக இருக்கவேண்டும். பின்திகதியிட்ட அனுமதியைக் கணக்காய்வாளர் ஏற்கமாட்டார் என்பதால், கணக்குப் பிரிவும் அதை ஏற்கத் தயங்கும். மின்னஞ்சல் நீளமாக இருக்கத் தேவையில்லை; ஆனால் இந்த விவரங்கள் ஒன்றும் விடுபடக்கூடாது:

> பொருள்: `SAA-C03` பரீட்சைக் கட்டணம் – முன் அனுமதி கோரல்
>
> ஐயா, எமது குழு தற்போது பராமரிக்கும் மேகக் கணினிச் சேவைகளுக்குத் தேவையான தகுதி என்பதால், `SAA-C03` பரீட்சைக்கு வரும் மாதம் தோற்ற விரும்புகிறேன். கட்டணம் 150 அமெரிக்க டொலரும், விதிக்கப்படின் வரியும். கட்டணத்தை எனது சொந்தக் கடனட்டையால் செலுத்தி, சித்தியடைந்தபின், வங்கி அறிக்கையில் காணப்படும் ரூபாத் தொகையை மீளக் கோருவேன். கொம்பனியே நேரடியாக வவுச்சர் வாங்கித் தரும் வழி இருந்தால் அதனையும் அறியத் தரவும். தங்கள் அனுமதியைப் பதில் மின்னஞ்சலில் வேண்டுகிறேன்.

இதில் மூன்று வரிகள் வேண்டுமென்றே இடப்பட்டவை. “வங்கி அறிக்கையில் காணப்படும் ரூபாத் தொகை” என்பது நாணயமாற்று விகிதம் பற்றிய தகராறை முன்கூட்டியே முடித்துவைக்கிறது. வவுச்சர் பற்றிய வரி, உங்கள் பணமே தேவைப்படாமல் போகும் வழி ஒன்று உண்டா என்று கேட்கிறது. கொம்பனி வவுச்சர் வாங்கித் தந்தால் இந்த வழிகாட்டியின் பாதி உங்களுக்கு வேண்டியதில்லை.

பணித்தேவை பற்றிய முதல் வரிக்கு வரி சம்பந்தமான காரணம் உண்டு. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், ஊழியர் தொழில்தருநரின் சார்பில் செய்த செலவை மீளக் கொடுப்பதை வேலைவருமானத்திலிருந்து விலக்குகிறது. ஆனால் சான்றிதழ் உங்கள் பெயரில்தான் வருகிறது. நாளைக்கு நீங்கள் வேறு கொம்பனிக்குப் போனாலும் அது உங்களோடு வரும். ஆகவே இது உண்மையில் கொம்பனியின் செலவா, உங்களுக்குக் கிடைத்த நன்மையா என்று சம்பளப் பிரிவு கேட்க இடமிருக்கிறது. பணித்தேவை எழுத்தில் இருந்தால், தொகையைச் சம்பளத்தோடு கூட்டி ஏபிஐரி வரி பிடிப்பதற்குப் பதிலாக, செலவு மீளளிப்பாகத் தனியே செலுத்துவதற்கு அவர்களிடம் ஓர் ஆதாரம் இருக்கும். எவ்வாறு செலுத்துவார்கள் என்பதை இந்தக் கட்டத்திலேயே கேட்டுவிடுவது நல்லது.

## 3. பெயரைச் சரிபார்த்தல்

எங்கள் பெயர்கள் இந்த வேலைக்கு வசதியானவை அல்ல. சம்பளப் பட்டியலில் தகப்பன் பெயரின் முதலெழுத்தும் உங்கள் பெயரும் இருக்கும். கடவுச்சீட்டில் தகப்பன் பெயர் குடும்பப் பெயராகவோ ஏனைய பெயர்களில் ஒன்றாகவோ முழுதாக இருக்கும். கடனட்டையில் வங்கி இடம் போதாமல் சுருக்கி அச்சிட்ட ஏதோ ஒன்று இருக்கும். பரீட்சைக் கணக்கில் நீங்கள் அவசரத்தில் தட்டியது நாலாவது பெயராகிவிடும்.

பரீட்சைக் கணக்கைத் திறக்கும்போது கடவுச்சீட்டில் உள்ளபடியே ஆங்கில எழுத்துக்களில் பெயரை இடுங்கள். பரீட்சையை நடத்தும் பியர்சன் வியூ, அடையாள ஆவணத்திலுள்ள பெயரும் பதிவுப் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும் என்கிறது. ஒன்றாக இல்லாவிட்டால் பரீட்சைக்கு அமர விடாமல் திருப்பியனுப்பலாம், கட்டணமும் போகும். பழைய தேசிய அடையாள அட்டையில் பெயர் ஆங்கிலத்தில் இராது என்பதால் கடவுச்சீட்டையே நம்புங்கள். காலாவதியாகியிருந்தால் முதலில் அதைப் புதுப்பித்த பின்னரே பதிவு.

சம்பளப் பட்டியலின் பெயர் வேறுபட்டிருந்தால் அதற்காக எதையும் மாற்ற வேண்டியதில்லை. கோரிக்கையின் முகப்புக் குறிப்பில், “சான்றிதழில் உள்ள பெயர் எனது கடவுச்சீட்டின்படியானது, ஊழியர் இலக்கம் இன்னது” என்று ஒரு வரியும், கடவுச்சீட்டின் விவரப் பக்கப் பிரதியும் போதும். சான்றிதழ் வந்த பிறகு பெயரைத் திருத்தக் கேட்பது நாட்கணக்கில் இழுபடும். பதிவு செய்யுமுன் திருத்துவது ஐந்து நிமிட வேலை.

## 4. கட்டணம் செலுத்துதல்

உங்கள் பெயரிலுள்ள அட்டையால் செலுத்துங்கள். கடனட்டை இல்லாத இளையவர்கள் தகப்பனின் அட்டையையோ, கனடாவிலிருக்கும் அண்ணாவின் அட்டையையோ பாவிப்பது எங்கள் ஊரில் வழமை. குடும்பத்துக்குள் அது சரி. கணக்குப் பிரிவுக்கு அது மூன்றாம் ஆள் செய்த கொடுப்பனவு. வேறு வழியே இல்லாவிட்டால், அட்டைக்காரர் இன்ன திகதியில் உங்கள் சார்பில் செலுத்தியதாகவும் நீங்கள் அப்பணத்தை அவருக்குக் கொடுத்துவிட்டதாகவும் ஒப்பமிட்ட கடிதமும், நீங்கள் அவருக்கு வங்கி மூலம் பணம் அனுப்பிய சான்றும் ஏற்கப்படுமா என்று 2ஆம் படியிலேயே கேட்டுவையுங்கள். கையில் காசாகக் கொடுத்தால் சான்று இராது.

சில வங்கிகளின் பற்றட்டைகள் வெளிநாட்டு இணையக் கொடுப்பனவுக்கு இயல்பாகத் திறந்திருப்பதில்லை. முதல்நாளே வங்கிக்கு அழைத்துத் திறப்பித்துக்கொள்ளுங்கள். பணம் செலுத்தும் பக்கத்தில் மூன்று தடவை முயன்று, ஒவ்வொரு முயற்சிக்கும் தொகை தற்காலிகமாகப் பிடிக்கப்பட்டு, எது உண்மையான கொடுப்பனவு என்று தெரியாமல் அறிக்கை குழம்பிப்போன கோவைகளை நான் கண்டிருக்கிறேன்.

ஒரு பதிவில் ஒரு பரீட்சையை மட்டும் வையுங்கள். பயிற்சி வினாத்தாளையும் பரீட்சையையும் சேர்த்து ஒரே கொடுப்பனவாகச் செலுத்தினால், கொள்கை பரீட்சைக் கட்டணத்தை மட்டுமே ஏற்கும்போது ஒரு தொகையைப் பிரித்து நிரூபிக்க நேரிடும்.

தள்ளுபடிக் குறியீடு இருந்தால் தாராளமாகப் பாவியுங்கள்; ஆனால் கோரவேண்டியது தள்ளுபடி போக நீங்கள் செலுத்தியதைத்தான். ஏடபிள்யூஎஸ் பரீட்சை ஒன்றில் சித்தியடைந்தவருக்கு அடுத்த பரீட்சைக்கு ஐம்பது வீதத் தள்ளுபடி கிடைக்கும். அப்படி 75 டொலர் செலுத்தியவர் அனுமதி மின்னஞ்சலில் இருந்த 150ஐயே படிவத்தில் எழுதினால், அது தவறுதலாக இருந்தாலும் பார்ப்பவருக்கு அப்படித் தோன்றாது.

## 5. அன்றைக்கே சேர்க்கவேண்டிய ஆவணங்கள்

பணம் செலுத்திய அன்று உங்கள் மின்னஞ்சலுக்கு வருபவை ஒன்றைப்போல் ஒன்று தோன்றும். அவற்றைப் பிரித்தறிவதே இங்குள்ள வேலை.

பரீட்சை நேரம் உறுதி செய்யப்பட்டது என்று வருவது நேர ஒதுக்கீட்டு உறுதிப்படுத்தல். திகதி, நேரம், விதிகள் எல்லாம் அதில் இருக்கும். இது பற்றுச்சீட்டு அல்ல. திருப்பியனுப்பப்படும் கோரிக்கைகளில் மிகப் பலவற்றில் இதுதான் பற்றுச்சீட்டு என்ற பெயரில் இணைக்கப்பட்டிருக்கும்.

இன்வொய்ஸ் என்பது எதற்காக எவ்வளவு கேட்கப்பட்டது என்பதைச் சொல்வது. பரீட்சையின் பெயர், குறியீடு, கட்டணம், தள்ளுபடி, வரி, மொத்தம் என்பன அதில் வரி வரியாக இருக்கவேண்டும். பற்றுச்சீட்டு என்பது கேட்கப்பட்ட தொகை பெறப்பட்டது என்பதைச் சொல்வது. அதில் கொடுப்பனவு முறை, திகதி, கட்டளை இலக்கம் என்பன இருக்கவேண்டும். இணையத்தில் இரண்டும் ஒரே ஆவணமாக வருவது உண்டு. அப்படியாயின் செலுத்தப்பட்டது என்ற சொல்லோ, நிலுவை பூச்சியம் என்ற வரியோ அதில் உள்ளதா என்று பாருங்கள். அது இல்லாத இன்வொய்ஸ் வெறும் கேட்பு மட்டுமே.

மின்னஞ்சல் தவறிப்போனால் பியர்சன் வியூ கணக்கினுள் சென்று `My Receipts` என்ற பகுதியில் தேடுங்கள். திரையைப் படமெடுத்து அனுப்பாதீர்கள். அச்சிடும் கட்டளையைக் கொடுத்து முழுப் பக்கத்தையும் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். கைபேசித் திரையை எடுத்த படத்தில் கட்டளை இலக்கம் ஓரத்தில் வெட்டுப்பட்டிருப்பதும், கணக்குப் பிரிவு அதை மட்டும் கேட்டுத் திருப்பியனுப்புவதும் வாரம் ஒன்று வீணாகும் வழி.

இன்வொய்ஸ் கொம்பனியின் பெயரில் இருக்கவேண்டும் என்று சில கணக்காளர்கள் கேட்பார்கள். நீங்களே பதிவு செய்யும்போது அது உங்கள் பெயரில்தான் வரும். முகவரிப் பகுதியில் கொம்பனியின் பெயரைச் சேர்க்க இடமிருந்தால் செலுத்துமுன் சேருங்கள்; செலுத்தியபின் மாற்றச் சொல்லிப் போராடுவதைவிட, ஊழியர் செலுத்தி மீளப்பெறும் செலவு இது என்று அனுமதி மின்னஞ்சலைக் காட்டுவது விரைவில் முடியும்.

## 6. வங்கி அறிக்கை

150 டொலர் என்று இன்வொய்ஸ் சொல்கிறது. உங்களுக்கு வரவேண்டியதோ ரூபா. இவ்விரண்டையும் இணைக்கும் ஆவணம் வங்கி அறிக்கை மட்டுமே.

செலுத்தியவுடன் வரும் குறுஞ்செய்தியிலுள்ள ரூபாத் தொகையை நம்பி எழுதாதீர்கள். அது பிடித்துவைக்கப்பட்ட தொகை. கணக்கில் இறுதியாகப் பதியும்போது விகிதம் சற்று மாறலாம், வங்கியின் கட்டணமோ முத்திரைத் தீர்வையோ தனி வரியாகச் சேரலாம். பதிவு இறுதியான பிறகு, மாதாந்த அறிக்கையையோ வங்கியின் இணையச் சேவையில் எடுத்த கொடுக்கல்வாங்கல் அறிக்கையையோ எடுங்கள்.

அறிக்கையில் பரீட்சையின் பெயர் வராது, அமேசன் என்றும் வராது. பணத்தை வசூலித்த பியர்சனின் பெயரே வரும். இது தெரியாத அலுவலர், “இன்வொய்ஸ் ஒரு கொம்பனி, கொடுப்பனவு இன்னொரு கொம்பனி” என்று கேள்வி எழுப்புவார். அதேபோல், கொடுக்கல்வாங்கல் நடந்த திகதியும் கணக்கில் பதிந்த திகதியும் ஓரிரு நாள் வேறுபடலாம். இரண்டையும் முகப்புக் குறிப்பில் முன்கூட்டியே ஒரு வரியில் விளக்கிவிடுங்கள்.

உங்கள் ஏனைய செலவுகளை மறைக்கலாம். அது உங்கள் உரிமை. ஆனால் பெயர், அட்டையின் கடைசி நான்கு இலக்கம், அறிக்கைத் திகதி, குறித்த வரி ஆகியவை தெரியவேண்டும். கணினியில் கறுப்புப் பெட்டி வரைந்து மறைத்தால் அதன் கீழுள்ள எழுத்து பல வேளைகளில் நகலெடுக்கக் கிடைத்துவிடும். அச்சடித்து, தடித்த பேனையால் அழித்து, மீண்டும் ஸ்கான் செய்வதே உறுதியானது.

## 7. பரீட்சையும் சித்திச் சான்றும்

இந்தப் பரீட்சையில் 65 வினாக்கள், 130 நிமிடம். ஆயிரத்துக்கு 720 பெற்றால் சித்தி. எழுதி முடித்ததும் பெறுபேறு கைக்கு வராது. ஐந்து வேலை நாட்களுக்குள் உங்கள் சான்றிதழ்க் கணக்கில் பதியப்படும். ஆகவே காலக்கெடுவைக் கணக்கிடும்போது ஒரு வாரத்தைச் சேர்த்தே கணக்கிடுங்கள்.

சித்திச் சான்றாக மூன்று கிடைக்கும். பெறுபேற்று அறிக்கையில் உங்கள் பெயர், பரீட்சைத் திகதி, புள்ளி, சித்தி என்ற சொல் எல்லாம் இருக்கும். சான்றிதழில் பெயரும் பெற்ற திகதியும் சரிபார்ப்பு இலக்கமும் இருக்கும். மூன்றாவது, சமூக வலைத்தளங்களில் போடும் இலச்சினைப் படம். படத்தை மட்டும் இணைப்பவர்கள் ஏராளம்; அதில் உங்கள் பெயர் இல்லை என்பதால் அது எவருடையதாகவும் இருக்கலாம்.

முதலிரண்டையும் இணையுங்கள். பெறுபேற்று அறிக்கைதான், கட்டணம் செலுத்திய அதே பரீட்சைக்கு அதே திகதியில் தோற்றினீர்கள் என்பதை நேர ஒதுக்கீட்டு உறுதிப்படுத்தலோடு பொருத்திக் காட்டுகிறது. சான்றிதழின் சரிபார்ப்பு இலக்கத்தை `aws.amazon.com/verification` என்ற பக்கத்தில் இட்டால் எவரும் உண்மை அறியலாம் என்பதையும் முகப்புக் குறிப்பில் எழுதிவையுங்கள். புள்ளிகளைக் காட்ட விருப்பமில்லாவிட்டால் சான்றிதழ் மட்டும் போதுமா என்று கேட்டுப் பாருங்கள். சித்தியை மட்டுமே கோரும் கொள்கையில் புள்ளி எவருக்கும் வேண்டியதில்லை.

வீட்டிலிருந்து இணையவழியில் எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு. மின்சாரமோ இணைப்போ நடுவில் போய்ப் பரீட்சை தடைப்பட்டால், உடனே பியர்சன் வியூவுக்கு அறிவித்து முறைப்பாட்டு இலக்கத்தைப் பெறுங்கள். இன்னொரு நேரம் இலவசமாக ஒதுக்கப்பட்டால் பற்றுச்சீட்டில் ஒரு திகதியும் பெறுபேற்றில் வேறு திகதியும் இருக்கும். அந்த இலக்கமே இரண்டுக்கும் இடையிலான பாலம். நீங்களாகத் திகதியை மாற்றினாலும் இதே இடைவெளி விழும் என்பதால் மாற்றிய மின்னஞ்சலை அழிக்காதீர்கள். மாற்றுவதாயின் பரீட்சைக்கு 24 மணித்தியாலம் முன்னதாகவே செய்யவேண்டும், அதுவும் இரண்டு தடவைதான்.

## 8. தொகையைக் கணக்கிடுதல்

எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி கொண்டுவந்த படிவத்தை அப்படியே சொல்கிறேன். விளங்குவதற்காக எண்களை மட்டும் எளிமைப்படுத்தியிருக்கிறேன். விகிதமும் கட்டணமும் வங்கிக்கு வங்கி, நாளுக்கு நாள் மாறும்.

இணையத்தில் அன்றைய விகிதத்தைத் தேடி, ஒரு டொலர் 302 ரூபா என்று கண்டு, 150ஐ அதனால் பெருக்கி 45,300 ரூபா என்று எழுதியிருந்தாள். அவளுடைய கடனட்டை அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். வங்கி ஒரு டொலருக்கு 309 ரூபா வீதம் 46,350 ரூபா பதிந்திருந்தது. அதற்குக் கீழே, வேறு மூன்று கொடுக்கல்வாங்கல்கள் கடந்து, அதே பரிமாற்றத்துக்கான கட்டணமாக 1,158.75 ரூபா தனியே இருந்தது. ஆக அவள் கையிலிருந்து போனது 47,508.75 ரூபா. படிவம் அப்படியே போயிருந்தால் 2,208.75 ரூபா குறைவாகக் கிடைத்திருக்கும். அதோடு படிவத்தின் தொகை எந்த ஆவணத்திலும் இல்லாத தொகை என்பதால் கோவை திரும்பியும் வந்திருக்கும்.

“அண்ணை, அந்தச் சின்ன வரியையும் கேக்கலாமோ? காசுக்கு ஆசைப்பட்ட மாதிரி இருக்காதோ?” என்று தயங்கினாள். கேட்கலாம். அந்தக் கட்டணம் பரீட்சைக்காகவே ஏற்பட்டது. ஆனால் படிவத்தில் இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதாமல் இரண்டு வரியாக எழுதவேண்டும். வங்கிக் கட்டணத்தை ஏற்பதில்லை என்ற கொள்கை இருந்தாலும் அந்த வரியை மட்டும் வெட்டிவிட்டு மற்றதை அனுமதிக்க முடியும். கூட்டி எழுதினால் முழுப் படிவமுமே திரும்பும்.

அறிக்கைத் தொகைக்குப் பதிலாக மத்திய வங்கியின் விகிதத்தில் கணக்கிடும் கொம்பனிகளும் உண்டு. அங்கே எந்த நாளின் விகிதம் என்பதைக் கேட்டு, அந்த நாளின் விகிதப் பக்கத்தையும் பிடிஎஃப் ஆக இணையுங்கள். பரீட்சைக்காகக் கொழும்புக்குப் போய்வந்த பஸ், ரயில் செலவு பெரும்பாலும் வேறு தலைப்பில், வேறு அனுமதியில் வருவது. அதை இந்தப் படிவத்தில் கலக்காதீர்கள்.

## 9. கோவையை அடுக்கி அனுப்புதல்

முகப்புக் குறிப்பு, அனுமதி மின்னஞ்சல், இன்வொய்ஸ், பற்றுச்சீட்டு, வங்கி அறிக்கை, பெறுபேற்று அறிக்கை, சான்றிதழ் என்ற வரிசையில் ஒரே பிடிஎஃப் ஆக இணையுங்கள். சம்பவங்கள் நடந்த வரிசையும் அதுவேயென்பதால் பார்ப்பவர் முன்னும் பின்னும் புரட்டத் தேவையில்லை. கைபேசியில் எடுத்த ஏழு படங்களைத் தனித்தனியே அனுப்பினால் ஒன்று நிச்சயம் தவறும்.

அனுப்புமுன் ஒரு தாளில் நான்கு விடயங்களை எழுதி எல்லா ஆவணங்களிலும் ஒத்திருக்கின்றனவா என்று விரல் வைத்துப் பாருங்கள்: பெயர், பரீட்சைக் குறியீடு, திகதி, டொலர் தொகை. ஒத்திராத இடமெல்லாம் முகப்புக் குறிப்பில் ஒரு வரி பெறவேண்டும். இந்தப் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்க முயல்பவர்களே பெரும்பாலும் இரண்டாம் முறை அனுப்புகிறார்கள்.

கோப்பின் பெயரில் ஊழியர் இலக்கம், பரீட்சைக் குறியீடு, மாதம் மூன்றும் இருக்கட்டும். மூலப்பிரதி கேட்கும் கொம்பனியானால் பதிவுத் தபாலில் அல்லது கூரியரில் அனுப்பி, அந்தச் சீட்டையும் கோவையில் வையுங்கள். இங்கிருந்து கொழும்புக்கு ஆள் மூலம் கொடுத்துவிட்டது எங்கே போனது என்று பின்னர் எவராலும் சொல்ல முடியாது.

மார்ச் மாதத்தைக் கவனியுங்கள். பல கொம்பனிகள் மார்ச் 31 அன்று ஆண்டுக் கணக்கை முடிக்கின்றன. பெப்ரவரியில் செலுத்தி ஏப்ரலில் கோரினால், செலவு போன ஆண்டுக்கு உரியது, வரவு செலவு ஒதுக்கீடு புதிய ஆண்டுக்கு உரியது என்று இழுபடும். மார்ச் நடுப்பகுதிக்குள் கோவை போய்ச் சேராது என்று தெரிந்தால், முன்கூட்டியே கணக்குப் பிரிவுக்கு ஒரு வரி எழுதி, அத்தொகையை நடப்பாண்டுச் செலவாகக் குறித்துவைக்கக் கேளுங்கள்.

## 10. அனுப்பிய பிறகு

பெற்றுக்கொண்டோம் என்ற பதில் இரண்டு மூன்று நாளில் வராவிட்டால் கேளுங்கள். அது வந்தபின், கொள்கையில் சொன்ன கொடுப்பனவுச் சுற்று முடியும்வரை தொந்தரவு செய்யாதீர்கள்.

திருப்பியனுப்பப்பட்டால் காரணத்தை எழுத்தில் கேட்டு, சொன்ன குறையைத் தீர்க்கும் ஆவணத்தை மட்டும் அதே மின்னஞ்சல் தொடரில் இணையுங்கள். புதிய கோரிக்கையாகப் பதிந்தால், பழைய திகதி போய்க் காலக்கெடு கடந்ததாகக் காட்டும். அல்லது ஒரே பற்றுச்சீட்டுக்கு இருமுறை கோரியதாகப் பதியும். இரண்டாவது வில்லங்கமானது.

சித்தியடையாவிட்டால், 14 நாள் கழித்து மீண்டும் தோற்றலாம், முழுக் கட்டணமும் மீண்டும் உண்டு. முதல் முயற்சியின் ஆவணங்களை எறிந்துவிடாதீர்கள். இரண்டாவதில் சித்தியடைந்தபின் இரு முயற்சிகளின் கட்டணத்தையும் ஏற்கும் கொள்கைகள் உண்டு. ஒன்றை மட்டும் ஏற்றால், சித்தியடைந்த முயற்சியின் பற்றுச்சீட்டைத்தான் இணைக்கவேண்டும். முதல் முயற்சியின் பற்றுச்சீட்டையும் இரண்டாம் முயற்சியின் பெறுபேற்றையும் சேர்த்தனுப்பிவிட்டு, திகதி ஏன் ஒத்துவரவில்லை என்று ஒரு மாதம் மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தவர் ஒருவர் எங்கள் அலுவலகத்தில் இருக்கிறார்.

பணம் கணக்கில் விழுந்ததும் தொகையைப் படிவத்தோடு ஒப்பிடுங்கள். சம்பளத்தோடு வந்திருந்தால் சம்பளச் சீட்டில் அது எந்தத் தலைப்பில் பதியப்பட்டிருக்கிறது, அந்த மாத ஏபிஐரி பிடிப்பு வழமையைவிடக் கூடியிருக்கிறதா என்று பாருங்கள். கூடியிருந்தால், 2ஆம் படியில் எழுதிய பணித்தேவை வரியோடு அந்த மாதத்துக்குள்ளேயே சம்பளப் பிரிவை அணுகுங்கள். அடுத்த மாதச் சம்பளப் பட்டியல் மூடுமுன் என்றால் அவர்களே திருத்திவிடுவார்கள். திருப்பிக் கொடுக்கும் பிரிவில் கையொப்பமிட்டவர்கள், அந்த மாதங்கள் பணம் பெற்ற நாளிலிருந்து தொடங்குகின்றனவா, சித்தியடைந்த நாளிலிருந்தா என்பதைக் கோவையின் முதல் பக்கத்தில் குறித்து, விலகிச் செல்லும்வரை அதை வீட்டில் வைத்திருக்கவேண்டும்.